எட்டரை மாதப் பையன், எடை ஏறவில்லை: மோர் காரணமாக இருக்குமா?

கவிதா, செந்தூல். 4 மார்ச் 2024, இரவு 10.40

பையன் பிறந்தபோது 3.1 கிலோ. ஆறாம் மாதம் 7.5. போன சனிக்கிழமை சளிக்குக் கிளினிக் போனபோது நிறுத்துப் பார்த்தார்கள், 7.7. இரண்டரை மாதத்தில் வெறும் 200 கிராம். டாக்டர் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி வீட்டில், மத்தியானம் மோர்சோறு, சாயங்காலமும் கொஞ்சம் மோர் குடிப்பான் என்றேன். "மோர் எவ்வளவு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

98 நாள் பிரசவ விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பால் கறந்து மூன்று பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன், ஒவ்வொன்றும் 120 மில்லி. ஆறு மாதம் முடிந்ததும் ஆன்ட்டி தயிர் ஆரம்பித்தார். நானும் சரி என்றேன், எங்கள் வீட்டில் எல்லோரும் தயிரில் வளர்ந்தவர்கள்தான். அதற்கடுத்த மாதம் மோர் வந்தது.

ஒரு நாளைக்கு ஆறேழு பெம்பர்ஸ் நனைகிறது. அதனால் வயிறு நிறைகிறது என்றே நினைத்திருந்தேன். தயிர் எந்த மாதத்தில், எவ்வளவு கொடுக்கலாம்? மோரும் அதே கணக்குத்தானா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாட்டி, ஈப்போ. 5 மார்ச், காலை 6.15

ஏம்மா இதுக்குப் போயி பயப்படுற. அஞ்சு பிள்ளை வளர்த்தேன், அஞ்சுக்கும் நாலாம் மாசமே மோர்த்தண்ணி ஊத்தினேன். எங்கம்மா ரப்பர் மரம் சீவப் போறப்போ என்னை ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் போவாங்க, அங்க கஞ்சித்தண்ணியும் மோரும்தான். சூட்டு ஊருல பிள்ளைக்கு வயிறு குளிரணும். எடை பின்னாடி தானா ஏறும்.

தினேஷ், ஷா ஆலாம். 5 மார்ச், காலை 8.02

அக்கா, தயிர்ல பயமே வேணாம். பால்ல இருக்கிற லாக்டோஸ பாக்டீரியா சாப்பிட்டுடும், அதனால பால் ஒத்துக்காத பிள்ளைக்குக்கூட தயிர் ஒத்துக்கும். எங்க பொண்ணுக்கு ஆறாம் மாசத்திலிருந்து தயிர்தான், அலர்ஜி எதுவும் இல்ல. மோரும் அதே தயிர்தானே, தண்ணி மட்டும் கூட. ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 5 மார்ச், காலை 11.30

கவிதா, நான் தாய் சேய் கிளினிக்கில் 31 வருஷம் தாதியாக வேலை செய்தவள். எதையும் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஆன்ட்டி மோர் கரைக்கும் ஜக்கை வாங்கி, அதில் எத்தனை கரண்டி தயிர், எவ்வளவு தண்ணீர், பிள்ளை எவ்வளவு குடிக்கிறான், உங்கள் பால் பாட்டிலில் எவ்வளவு மிஞ்சி வருகிறது என்று இரண்டு நாள் எழுதுங்கள். அது தெரியாமல் நான் சொல்வது குருட்டடியாக இருக்கும்.

தினேஷ் தம்பி, தண்ணீர் மட்டும் கூட என்று சொன்னீர்களே, முழு வித்தியாசமும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அலர்ஜி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதில் பாதிதான் சரி.

பாட்டி, நீங்கள் சொன்ன நாலாம் மாதம் அன்றைக்குப் பொய் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாங்களும் நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றுதான் தாய்மார்களுக்குச் சொன்னோம். 2001-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்று மாற்றியது. எங்கள் பேச்சும் மாறியது.

யாழினி, பூச்சோங். 5 மார்ச், மதியம் 1.20

தயிர் பற்றிய கேள்வி என்பதால் கேட்கிறேன். எங்கள் கொண்டோவில் இரவெல்லாம் ஏர்கோன் ஓடுகிறது, எவ்வளவு உறை ஊற்றினாலும் காலையில் பால் பாலாகவே இருக்கிறது. யாருக்காவது வழி தெரியுமா?

கவிதா, செந்தூல். 6 மார்ச், இரவு 11.15

இன்றைக்கு வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி ஆன்ட்டி வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தேன். ஆன்ட்டி ஒன்றையும் மறைக்கவில்லை. அவருக்கு மறைக்க எதுவும் இல்லை, பிள்ளைக்கு நல்லது என்று நம்பிச் செய்கிறார்.

அரை லிட்டர் ஜக்கில் மூன்று மேசைக்கரண்டி தயிர். நிறுத்தேன், 45 கிராம். மீதி முழுக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர். அதில் கால் தேக்கரண்டி உப்பு. காலை பத்து மணிக்கு 100 மில்லி பாட்டிலில். மத்தியானச் சோற்றில் 150, சோறு இரண்டு கரண்டிதான், மசித்துக் கஞ்சி மாதிரி மிதக்கவிட்டு ஊட்டுகிறார். மூன்றரை மணிக்குத் தூங்கி எழுந்ததும் இன்னும் 150 பாட்டிலில். மொத்தம் 400 மில்லி மோர்.

நான் கொடுத்து அனுப்பிய மூன்று பாட்டிலில் இரண்டு தொடாமல் திரும்பி வருகிறது. "பையன் பால் கேட்கிறதே இல்லம்மா" என்று ஆன்ட்டி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவன் பழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன். இரவில் நாலு தடவை எழுந்து பால் குடிக்கிறான். பல் வருவதால் என்று நினைத்தேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 7 மார்ச், காலை 9.45

எழுதியதைப் பார்த்தேன். இனி கணக்கு எளிது.

முழுக் கொழுப்புத் தயிர் 100 கிராமில் ஏறக்குறைய 60 கலோரி. 45 கிராமில் 27. அது அரை லிட்டரில் கரைந்திருக்கிறது, பையன் அதில் 400 குடிக்கிறான், கிடைப்பது 22 கலோரி. திரும்பி வரும் இரண்டு பாட்டில் தாய்ப்பால் 240 மில்லி, அதில் 160 கலோரி இருக்கிறது. ஆக மோர் குடித்ததால் தினம் 140 கலோரி அளவுக்கு இழக்கிறான். எட்டு மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் வேண்டியது சுமார் 600. நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போகிறது. சோறு இரண்டே கரண்டி என்பதை இதில் சேர்க்கவே இல்லை.

பிள்ளையின் வயிறு சின்னது. கிலோவுக்கு 30 கிராம் கணக்கு வைத்தால் உங்கள் பையனுக்கு ஒரு வேளைக்கு 230 மில்லிதான் கொள்ளும். அதில் 150 தண்ணீராகப் போனால் மீதி எதற்கு இடம்? இரவில் நாலு தடவை எழுந்தது பல்லுக்காக மட்டும் இருக்காது. பகலில் விட்டதை ராத்திரி உங்களிடம் பிடித்துக்கொண்டிருந்தான். அதனால்தான் 200 கிராமாவது ஏறியது.

பெம்பர்ஸ் கணக்கும் இங்கே ஏமாற்றும். ஆறு மாதம்வரை, பால் மட்டும் குடிக்கும்போது, சிறுநீர் நிறையப் போனால் பால் போதுமானது என்று அர்த்தம். தண்ணீரும் மோரும் போகிற பிள்ளைக்கு அது தண்ணீர் போனது என்று மட்டும்தான் சொல்லும்.

பாட்டி, ஈப்போ. 7 மார்ச், மதியம் 12.05

நீ சொல்றது புரியுது மிஸ்ஸி. ஆனா எங்க மோர் இப்படி இல்ல. நான் கடைஞ்சி கெட்டியா குடுத்தேன். பிள்ளைங்க மொழுக்குமொழுக்குன்னு இருந்துச்சுங்க.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 7 மார்ச், மதியம் 12.40

பாட்டி, கடைந்து வெண்ணெய் எடுத்தீர்களா, எடுக்காமல் விட்டீர்களா? எடுத்திருந்தால் கெட்டியாக இருந்தாலும் கொழுப்பு போய்விட்டது. தாய்ப்பாலில் பாதி சக்தி கொழுப்பிலிருந்துதான் வருகிறது, ஒரு வயதுக்குள் பிள்ளைக்கு அது வேண்டும்.

பாட்டி, ஈப்போ. 7 மார்ச், மதியம் 1.10

வெண்ணெயை எடுத்து அதே பிள்ளைக்கு சோத்துல போட்டேன். இப்ப என்ன சொல்ற!

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 7 மார்ச், மதியம் 1.15

இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. ஜெயித்துவிட்டீர்கள்.

கவிதா, செந்தூல். 7 மார்ச், இரவு 9.50

மத்தியானம் மிஸ்ஸியின் கணக்கைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் அழுதேன். 140 கலோரி, இரண்டு மாதம். கறந்து கொடுத்த பால் திரும்பி வந்தபோது ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

சரி, செய்ய வேண்டியதைக் கேட்கிறேன். மிஸ்ஸி, தயிரையும் நிறுத்திவிடவா? டாக்டர் தயிரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 8 மார்ச், காலை 10.20

தயிரை நிறுத்தாதீர்கள். தயிர் சாப்பாடு, மோர் பானம், இரண்டையும் பிரித்து நினைத்தால் போதும்.

நான் தாய்மார்களுக்குச் சொன்ன முறை இது. ஆறு மாதம் முடிந்து கஞ்சி, பருப்பு, காய், மீன் அல்லது கோழி என்று இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகு தயிர். முதல் நாள் காலையில் ஒரு தேக்கரண்டி, புளிக்காதது, வேறு புதுச் சாப்பாடு எதுவும் அன்றைக்கு வேண்டாம். காலையில் என்று சொல்வது, ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலில் கண்ணில் படும் என்பதற்காக. மூன்று நாள் அதே அளவு. பிறகு இரண்டு, மூன்று தேக்கரண்டி. எட்டு, ஒன்பது மாதத்தில் ஒரு நாளைக்கு நாலு மேசைக்கரண்டிவரை போகலாம், 60 மில்லி வரும். மசித்த சோற்றில் அல்லது வாழைப்பழத்தில் பிசைந்து கொடுக்கலாம். இந்த நாலு மேசைக்கரண்டி என்பது எங்கேயும் அச்சடித்த சட்டம் இல்லை, கஞ்சிக்கும் கோழிக்கும் இடம் விடுவதற்காக நான் வைத்துக்கொண்ட வரம்பு. வேறொரு மிஸ்ஸி கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம்.

மோர் பானமாக வேண்டாம், ஒரு வயது ஆகட்டும். பாலும் அப்படித்தான், ஒரு வயதுக்குள் பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுப்பதில்லை. சோறு கெட்டியாக இருந்தால் தயிரை ஒரு கரண்டி வெந்நீர் விட்டு அடித்துப் பிசையுங்கள், கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியக்கூடாது. உப்பு வேண்டாம்.

இன்னொரு கேள்வி. பையனுக்கு இரத்தம் பார்த்தார்களா?

கவிதா, செந்தூல். 8 மார்ச், மதியம் 1.00

இல்லை மிஸ்ஸி. ஒன்பதாம் மாத எம்.எம்.ஆர். ஊசி 19-ஆம் தேதி. அன்றைக்குக் கேட்கிறேன்.

சுபா, ஜெலுத்தோங். 8 மார்ச், இரவு 8.30

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் மகளுக்கு ஏழு மாதம். தயிர் கொடுத்த பத்து நிமிஷத்தில் வாயைச் சுற்றிச் சிவந்துவிடுகிறது. மாமியார் அலர்ஜி என்கிறார், என் கணவர் புளிப்பு பட்டதால் என்கிறார். தினேஷ் சொன்னதைப் படித்தால் தயிருக்கு அலர்ஜியே வராது போலிருக்கிறது. யார் சொல்வது சரி?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 9 மார்ச், காலை 9.10

சுபா, தினேஷ் சொன்னது லாக்டோஸ் பற்றி. தயிராகும்போது லாக்டோஸ் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. கைக்குழந்தைகளுக்கு நாம் பயப்படுவது லாக்டோஸுக்கு இல்லை, பாலின் புரதத்துக்கு. அது தயிரில் அப்படியே இருக்கிறது. பால் புரத அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் தயிரும் ஆகாது, மோரும் ஆகாது.

என் கிளினிக்கில் ஒரு குழந்தைக்கு மாவுப்பால் கொடுத்து மலத்தில் இரத்தக்கோடு வந்தது. வீட்டில் பாலை நிறுத்திவிட்டுத் தயிர் கொடுத்தார்கள், அது லேசானது என்று நினைத்து. இரண்டு நாளில் மறுபடியும் இரத்தம், சளி.

உங்கள் மகளுக்குச் சிவப்பு தயிர் பட்ட இடத்தில் மட்டும் இருந்து, துடைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால், பெரும்பாலும் புளிப்புத் தோலில் பட்டதுதான். தடிப்புத் தடிப்பாக எழும்பினாலோ, படாத இடத்திலும் வந்தாலோ, உதடோ கண்ணோ வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ தயிரை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், மூச்சு இழுத்தால் காத்திருக்கவே கூடாது. எக்ஸிமா இருக்கிறதா அவளுக்கு?

சுபா, ஜெலுத்தோங். 9 மார்ச், காலை 10.05

கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 9 மார்ச், காலை 10.15

அப்படியானால் இங்கே எழுத்தில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கு உணவு அலர்ஜி வரும் வாய்ப்பு கூடுதல். அடுத்த தடவை கொடுப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். சிவந்திருக்கும்போது கைபேசியில் எடுத்த படம் இருந்தால் கொண்டுபோங்கள், அங்கே போய்ச் சேரும்போது சிவப்பு இருக்காது.

தினேஷ், ஷா ஆலாம். 9 மார்ச், மதியம் 2.30

சரி மிஸ்ஸி, நான் ரெண்டையும் ஒண்ணா நினைச்சிட்டேன். எங்க அப்பாவுக்குப் பால் குடிச்சா வயிறு ஊதும், தயிர் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. அத வெச்சி சொல்லிட்டேன்.

கவிதா, செந்தூல். 10 மார்ச், இரவு 10.00

நேற்று ஆன்ட்டியிடம் பேசினேன். எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மகனை முதல் நாளிலிருந்து தூக்கி வளர்ப்பவர், அவர் மனம் நோகக் கூடாது. மிஸ்ஸியின் கணக்கைச் சொல்லவில்லை. ஒரு டம்ளரில் அவர் கரைத்த மோரையும் இன்னொரு டம்ளரில் என் பாலையும் ஊற்றி, இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் காட்டினேன். மோரில் அடியில் வெள்ளையாக ஒரு விரல் உயரம், மேலே தெளிந்த தண்ணீர். பாலின் மேலே கொழுப்பு ஏடு கட்ட ஆரம்பித்திருந்தது. ஆன்ட்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவுதான் இருந்துச்சா" என்றார்.

அவர் மோர் ஆரம்பித்த காரணமும் அப்போதுதான் தெரிந்தது. ஜனவரியில் பையனுக்கு இரண்டு நாள் மலம் இறுகிப் போயிற்று. மோர் கொடுத்ததும் சரியானது. அதிலிருந்து விடவில்லை. அவரும் ஒரு காரணத்தோடுதான் செய்திருக்கிறார். இனி சாப்பாட்டோடு திறந்த டம்ளரில் காய்ச்சிய தண்ணீர் இரண்டு மூன்று வாய், பப்பாளி இரண்டு துண்டு என்று பேசி முடித்தோம்.

இப்போது நடப்பது: காலை பத்து மணிக்கு என் பால். மத்தியானம் கோழித்தொடை மசித்த கஞ்சி, கீரை, ஒரு தேக்கரண்டி எண்ணெய். மூன்றரைக்கு என் பால். ஐந்து மணிக்குத் தயிரும் வாழைப்பழமும், தயிர் மூன்று மேசைக்கரண்டி. மோர் ஜக்கை ஆன்ட்டியே அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டார்.

யாழினி, பூச்சோங். 11 மார்ச், காலை 7.40

எல்லோரும் என் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பரவாயில்லை. ஆனால் கவிதா, பிள்ளைக்குக் கொடுக்கும் தயிரை எப்படி உறை ஊற்றுகிறீர்கள்? எனக்கும் அக்டோபரில் பிள்ளை பிறக்கப் போகிறது.

கவிதா, செந்தூல். 11 மார்ச், இரவு 9.20

வாழ்த்துகள் யாழினி! உங்களை விட்டது தப்புத்தான், இப்போது சொல்கிறேன்.

ஆன்ட்டி வீட்டுத் தயிர் நாலு நாள் பழையது, பல் கூசும் அளவுக்குப் புளிப்பு. அதனால் பையனுக்கு நானே தனியாக ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுகிறேன். பாக்கெட் பால், முழுக் கொழுப்பு, 150 மில்லி. கொழுப்பு குறைத்த பால் வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார். பொங்கக் காய்ச்சி, விரல் விட்டால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, அரைத் தேக்கரண்டி உறை. டம்ளரைக் கொதிநீரில் கழுவியிருக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் ஐந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் புளித்துப்போகும், அதனால் மாலை ஆறு மணிக்கு ஊற்றி, படுக்கப் போகும்போது ஐஸ் பெட்டியில் வைத்துவிடுகிறேன். இரண்டு நாளில் தீர்த்துவிடுவேன், மிஞ்சினால் எனக்கு.

உங்கள் ஏர்கோன் அறையிலிருந்து டம்ளரை முதலில் வெளியே எடுங்கள். சமையலறையில் மூடிய அரிசிப் பானைக்குள் வைத்துப் பாருங்கள், என் அம்மா மழைநாளில் அப்படித்தான் செய்வார்.

மேலே நீர் தெளிந்து நிற்பது கெட்டதில்லை. நூல் மாதிரி இழுத்தாலும், ரோஸ் நிறம் தெரிந்தாலும், ரொட்டி புளித்த வாடை வந்தாலும் கொட்டிவிடுவேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 12 மார்ச், காலை 8.50

காய்ச்சுவதைக் கவிதா போகிற போக்கில் சொல்லிவிட்டார், நான் அழுத்திச் சொல்கிறேன். பாக்கெட் பால் ஏற்கெனவே சூடு காட்டியதுதான். ஆனால் மாட்டுக்காரரிடம் போத்தலில் வாங்குகிற பாலைக் காய்ச்சாமல் பிள்ளைக்கு எந்த உருவத்திலும் கொடுக்கக்கூடாது, உறை ஊற்றுவதற்கும் கூடாது. புளிப்பு எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது நடக்காது. எங்கள் பினாங்கிலேயே 2010, 2011 வாக்கில் புருசெல்லா காய்ச்சல் 79 பேரைப் பிடித்தது. காய்ச்சாத ஆட்டுப்பால்தான் வழி. உடம்புக்கு நல்லது என்று நினைத்து வாங்கிக் குடித்த பால்.

கவிதா, செந்தூல். 19 மார்ச், மாலை 6.30

ஊசி போட்டாயிற்று. எடை 7.9. பதினேழு நாளில் 200 கிராம், முந்தைய இரண்டரை மாதத்தில் ஏறிய அதே அளவு. தராசு வேறு என்பதால் இதை முழுதாக நம்பவேண்டாம் என்று அங்கிருந்த மிஸ்ஸி சொன்னார். நம்பாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.6. குறைவு என்றார்கள், 11 இருக்கவேண்டுமாம். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து மூன்று மாதத்துக்கு, அளவு அவன் எடையைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள்.

தினேஷ், ஷா ஆலாம். 19 மார்ச், இரவு 8.00

அப்ப மோர் இரத்தத்தையும் குறைச்சிடுச்சா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 20 மார்ச், காலை 9.30

மோர் ஒன்றே குறைத்தது என்று சொல்லமாட்டேன். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். அந்த நேரத்தில் கோழியும் மீனும் பருப்பும் வரவேண்டிய இடத்தில் மோர்சோறு வந்து உட்கார்ந்துவிட்டது. தயிரில் இரும்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், அதோடு பாலின் சுண்ணாம்பும் புரதமும் கூடச் சாப்பிடும் இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் கொஞ்சம் தடுக்கும்.

அதனால் கவிதா, சொட்டு மருந்தையும் தயிரையும் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். மத்தியானக் கோழிக்கஞ்சியில் தயிர் கலக்க வேண்டாம், ஐந்து மணித் தயிர் ஐந்து மணியிலேயே இருக்கட்டும். கஞ்சிக்குப் பிறகு அந்தப் பப்பாளித் துண்டைக் கொடுங்கள், அது இரும்பு ஏற உதவும். கோழி ஈரல் வாரத்தில் ஒரு நாள் ஒரு மேசைக்கரண்டி போதும், அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ அதில் மிக அதிகம். மலம் கறுப்பாகப் போகும், மருந்தினால்தான், பயப்படாதீர்கள்.

கவிதா, செந்தூல். 2 ஏப்ரல், இரவு 11.40

மாமியார் ஜொகூரிலிருந்து வந்திருக்கிறார். ஐந்து மணித் தயிரைப் பார்த்துவிட்டு, சளிப் பிள்ளைக்குத் தயிரா, அதுவும் பொழுது சாயும் நேரத்தில் என்றார். ஒரு வாரமாக இவனுக்கு மூக்கு ஒழுகுகிறது.

நான் முன்னால் எழுதியதில் ஒரு திருத்தம். மூன்றரை மணிப் பாலைக் குடித்துவிட்டு ஐந்து மணிக்குத் தயிரைத் துப்புகிறான். இப்போது தயிரைக் காலை எட்டு மணிக்கு மாற்றிவிட்டேன், நான் கிளம்புவதற்கு முன் நானே ஊட்டுகிறேன். இதனால் மாமியாரும் சமாதானமாகிவிட்டார். சொட்டு மருந்து பத்தரைக்கு.

மிஸ்ஸி, தயிர் சளி பிடிக்க வைக்குமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 3 ஏப்ரல், காலை 9.00

சளி வைரஸால் வருவது. தயிர் சளியை உண்டாக்கி நான் பார்த்ததில்லை. பால் குடித்த பிறகு தொண்டையில் கோழை கெட்டியானதுபோல் சிலருக்குத் தோன்றும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊட்டாமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் பிள்ளை முகம் சுளிக்காமல் சாப்பிடும்.

பாட்டி, ஈப்போ. 3 ஏப்ரல், காலை 11.20

இதுல நான் மிஸ்ஸி பக்கம் இல்ல. ராத்திரி தயிர் போட்டா என் மூணாவது பையனுக்கு நெஞ்சு கர்ர்ன்னு இழுக்கும். நான் கண்ணால பார்த்தேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பிறை. 3 ஏப்ரல், மதியம் 12.00

பாட்டி, நெஞ்சு இழுத்தது என்றால் அந்தப் பையனுக்கு ஆஸ்துமாவோ பால் அலர்ஜியோ இருந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னால் சொல்ல முடியாது. உங்கள் கண் பார்த்ததை இல்லை என்று சொல்லமாட்டேன்.

சுபா, ஜெலுத்தோங். 11 ஏப்ரல், இரவு 9.15

டாக்டரைப் பார்த்தோம். படத்தைப் பார்த்ததும் தோல் ஊசிச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தேதி மே மாதம்தான் கிடைத்தது. அதுவரை தயிர், மோர், பால் எதுவும் இல்லை. நானும் பால் சேர்க்காமல் இருக்கவேண்டுமா என்று கேட்டேன், தாய்ப்பால் குடித்து அவளுக்கு ஒன்றும் ஆகாதபோது தேவையில்லை என்றார்.

கவிதா, செந்தூல். 20 ஏப்ரல், இரவு 8.10

பத்து மாதம். அதே கிளினிக், அதே தராசு, 8.3 கிலோ. இரத்தம் 10.7. இரவில் ஒரு தடவைதான் எழுகிறான்.

பாட்டில்கள் காலியாகத் திரும்பி வருகின்றன. பை கனமில்லாமல் இருப்பதைக் கையில் வாங்கும்போதே உணர்கிறேன்.

யாழினி, பூச்சோங். 21 ஏப்ரல், காலை 8.00

அரிசிப் பானையில் தயிர் உறைந்தது. கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. நன்றி!

கவிதா, செந்தூல். 23 ஜூன், காலை 10.30

போன வாரம் முதல் பிறந்தநாள். 9 கிலோ. இரத்தம் 11.4, சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வயது ஆனதும் ஆன்ட்டி கேட்ட முதல் கேள்வி, மோர் கொடுக்கலாமா என்று. கொடுங்கள் என்றேன். ஒரு பங்கு தயிருக்கு ஒரு பங்கு தண்ணீர், அரைக் கிண்ணத்துக்கும் குறைவு, 60 மில்லி. சாப்பிட்டு முடித்த பிறகுதான், பாட்டிலில் இல்லை, டம்ளரில். பால், தயிர், மோருக்குப் போகும் தயிர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 400 மில்லிக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். 500-ஐத் தாண்டினால் சாப்பாடு குறைந்து மறுபடியும் இரும்பு இறங்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். உப்புக்குப் பதில் ஆன்ட்டி ஒரு கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு எடுத்துவிடுகிறார்.

நேற்று முதல் தடவை குடித்தான். பாதி சட்டையில். மீதியைக் குடித்துவிட்டு டம்ளரை ஆன்ட்டியிடம் நீட்டினான், இன்னும் வேண்டும் என்று. ஆன்ட்டி என்னைப் பார்த்தார்.

சுபா, சோதனை என்ன ஆயிற்று?

சுபா, ஜெலுத்தோங். 24 ஜூன், இரவு 10.50

பாலுக்குத் தடித்தது, சின்னதாக. டாக்டர் உறுதியாக அலர்ஜி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மருத்துவமனையில் வைத்து, அவர்கள் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். வீட்டில் முயற்சி செய்யவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முடிந்ததும் எழுதுகிறேன்.